ரெஃபரன்ஸாகப் பேசுபவரின் தொலைபேசி எண்ணை எப்போது, எப்படிக் கொடுப்பது: கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலை அலுவலர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரி வட்டத்தில் சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்து வாங்கி சி.டி.சி. தூள் தயாரிக்கும் தனியார் தொழிற்சாலை ஒன்று. அங்கே தரக் கட்டுப்பாட்டு அலுவலராக நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர் இந்த நிகழ்வின் விண்ணப்பதாரர். வேதியியல் பட்டதாரி. அதற்கு முன் குன்னூர் பக்கம் இன்னொரு தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகள் இருந்தார். கோயம்புத்தூரில் பாக்கெட் தேயிலை விற்கும் ஒரு நிறுவனத்தில் தர உறுதிப் பிரிவுக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்து விண்ணப்பித்தார். ஆள் தேடும் பொறுப்பு பெங்களூரில் உள்ள ஒரு கன்சல்டன்சியிடம் இருந்தது. எனவே நிறுவனத்தோடு நேரடிப் பேச்சு எதுவும் இல்லை. எல்லாம் ஒரு ரெக்ரூட்டர் வழியாகத்தான் நடந்தது.

மலையில் தேயிலைத் தொழில் எவ்வளவு நெருக்கமான வட்டம் என்பது தெரியாவிட்டால் இந்த நிகழ்வு புரியாது. கொழுந்து ஏஜென்ட், ரோலருக்குப் பல் வெட்டித் தரும் பட்டறைக்காரர், லாரி டிரைவர், ஏல புரோக்கர் அலுவலகத்தில் தூளைச் சுவைத்துப் பார்க்கும் டேஸ்டர் என எல்லோரும் ஒரே நாளில் நாலைந்து தொழிற்சாலைக்குப் போய்வருபவர்கள். குன்னூர் ஏலம் இப்போது கணினியில் நடந்தாலும், வாங்குபவர்களும் விற்பவர்களும் வாராவாரம் பேசிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். விண்ணப்பித்த கோவை நிறுவனமும் அதே ஏலத்தில் தூள் வாங்கும் நிறுவனம். இவருடைய தற்போதைய மேலாளருக்கு அந்த நிறுவனத்தின் கொள்முதல் ஆளைத் தெரிந்திருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது.

வேலை தேடுவது முன்கூட்டியே தெரிந்தால் யாரும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். ஆனால் அடுத்த தணிக்கைக்கு வேறொருவரைத் தயார் செய்வார்கள், சம்பள உயர்வு தள்ளிப்போகும், புதிய வேலையும் கிடைக்காமல் போனால் இரண்டு ஆண்டுகள் அந்தச் சங்கடத்தோடு அங்கேயே ஓட்ட வேண்டியிருக்கும். இவருக்கு நோட்டீஸ் காலம் 60 நாள்.

முதலில் வந்த கோரிக்கை

விண்ணப்பித்த மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ரெக்ரூட்டரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முதல் சுற்று நேர்காணலுக்கு முன்பே ஓர் ஆன்லைன் படிவத்தை 24 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும் என்றிருந்தது. அதில் ரெஃபரன்ஸாக, அதாவது இவர் வேலையைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடியவர்களாக, மூன்று பேரின் பெயர், பதவி, கைபேசி எண், அலுவலக மின்னஞ்சல் கட்டாயம். மூவரில் ஒருவர் தற்போதைய மேலதிகாரியாக இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. கைபேசிக் கட்டம் பத்து இலக்கத்தைத் தவிர எதையும் ஏற்கவில்லை. படிவத்தின் அடியில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை, பொய் எனத் தெரியவந்தால் தேர்வை ரத்து செய்யலாம்’ என்ற உறுதிமொழிக்கு டிக் அடிக்க வேண்டும்.

இவ்வளவு சீக்கிரம் எண்களைக் கேட்பதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கன்சல்டன்சியின் மென்பொருளில் அந்தக் கட்டங்கள் எல்லா வேலைக்கும் ஒரே மாதிரி அமைக்கப்பட்டிருக்கும்; ரெக்ரூட்டருக்கே அதில் அக்கறை இருக்காது. இன்னொன்று, மேலாளர் நிலையில் உள்ளவர்களின் எண்கள் கன்சல்டன்சிக்குத் தொழில் மூலதனம். இன்று ரெஃபரன்ஸாகப் போன எண்ணுக்கு நாளை ‘உங்கள் நிறுவனத்துக்கு ஆள் வேண்டுமா’ என்றோ ‘நீங்கள் வேலை மாற விருப்பமா’ என்றோ அழைப்பு போகும். இரண்டில் எதுவாக இருந்தாலும், நேர்காணலே நடக்காத நிலையில் அந்த எண்ணை வைத்துத் தேர்வு செய்யப்போவது யாருமில்லை. கொடுத்தால் வரும் நன்மை எதுவும் இல்லை. ஆபத்து மட்டும் முழுதாக இருக்கிறது.

யாரைக் காட்டுவது என்ற முடிவு

பதில் எழுதுவதற்கு முன் விண்ணப்பதாரர் யார் யாரைச் சொல்லலாம் என்று பட்டியலிட்டார். முதலில் மனதில் வந்தவர் ஏல புரோக்கர் நிறுவனத்தின் டேஸ்டர். விண்ணப்பதாரரின் தொழிற்சாலைத் தூளை வாராவாரம் சுவைத்து மதிப்பெழுதுபவர், நல்ல பெயர் உள்ளவர், நட்பானவர். ஆனாலும் அவரைச் சேர்க்கவில்லை. அவருடைய நிறுவனத்துக்குத் தற்போதைய தொழிற்சாலை வாடிக்கையாளர். வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னாலும் செய்தி மேலாளருக்குப் போய்விடும். தவிர, தூள் எப்படி வந்தது என்பதுதான் அவருக்குத் தெரியும். ஷிஃப்டில் ஆட்களை இவர் எப்படி நடத்தினார், ட்ரையர் பதிவேட்டை ஒழுங்காக எழுதினாரா என்பது தெரியாது. தர உறுதி வேலைக்கு நிறுவனம் கேட்கப்போவது அதைத்தான்.

தேர்ந்தது இருவரை. ஒருவர் குன்னூர் பக்கத் தொழிற்சாலையில் இவருக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கோத்தகிரியிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், வசிக்கிறார். இன்னொருவர் தற்போதைய தொழிற்சாலையில் இவருக்கு நேரடி மேலதிகாரியாக இருந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் விலகி, ஈரோட்டில் வேறு உணவுத் தொழிலுக்குப் போய்விட்டவர். இந்த இரண்டாவது தேர்வுதான் சரியான கண்டுபிடிப்பு. தற்போதைய வேலையைப் பற்றி நேரில் பார்த்ததைச் சொல்லக்கூடியவர். ஆனால் தற்போதைய நிறுவனத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவர். ‘இப்போதைய மேலதிகாரி கட்டாயம்’ என்று அடம்பிடிக்கும் இடங்களில் இப்படி ஒருவர் இருந்தால் பெரும்பாலும் பேச்சு சுமுகமாகிவிடும்.

அன்று இரவே இருவரிடமும் அனுமதி கேட்டார். ஈரோட்டில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி:

‘அண்ணா, வணக்கம். கோவையில் ஒரு பாக்கெட் டீ கம்பெனியில் க்யூ.ஏ. வேலைக்குப் போட்டிருக்கேன். உங்க பேரை ரெஃபரன்ஸா கொடுக்கலாமாண்ணா? இப்போ நம்பர் கொடுக்கப்போறதில்லை. கடைசி ரவுண்டு வந்தா மட்டும்தான். அப்போ எந்த நம்பர், எந்த நேரம்னு உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் கொடுப்பேன். இங்கே யாருக்கும் இன்னும் தெரியாது, அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.’

ஓய்வு பெற்ற மேலாளரிடம் வாட்ஸ்அப்பில் கேட்பது மரியாதையாக இருக்காது என்பதால் தொலைபேசியில் பேசினார். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அனுமதி என்பது வெறும் மரியாதை சார்ந்த விஷயமும் அல்ல. ஒருவரின் பெயரும் எண்ணும் அவருடைய தனிப்பட்ட தரவு. இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதன் முக்கிய அடிப்படைகளில் ஒன்று தரவுக்கு உரியவரின் சம்மதம். ‘அவர்களிடம் கேட்ட பிறகே தருகிறேன்’ என்று எழுதுபவரைச் சாக்குச் சொல்பவராக எந்த ரெக்ரூட்டரும் நினைக்க முடியாது.

பதில் மின்னஞ்சல்

புதன்கிழமை காலை 9 மணி வாக்கில், கெடு முடிவதற்கு முன், பதில் போனது. ஆங்கிலத்தில் எழுதிய அஞ்சலின் தமிழ் வடிவம் இது:

‘வணக்கம். படிவத்தை நிரப்பிவிட்டேன். ரெஃபரன்ஸ் பகுதியைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம்.

என் வேலையை நேரடியாக மேற்பார்வை செய்த இருவர் என்னைப் பற்றிப் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். ஒருவர், முந்தைய தொழிற்சாலையின் மேலாளர். அவருக்குக் கீழ் மூன்று ஆண்டுகள் பணியாற்றினேன். மற்றவர், தற்போதைய தொழிற்சாலையில் என் மேலதிகாரியாக இருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் விலகியவர். நிறுவனம் எனக்கு எழுத்தில் ஆஃபர் தரும் நிலையில், அன்றைக்கே இவர்களின் முழு விவரங்களையும் உங்களுக்கு அனுப்புகிறேன்.

நான் வேலை தேடுவது தற்போதைய நிறுவனத்துக்குத் தெரியாது. எனவே என் ராஜினாமா ஏற்கப்படும்வரை அங்கே யாரையும் தொடர்பு கொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு மேலாளரின் எண்ணை நானே தருகிறேன்.

படிவத்தில் எண் கட்டாயம் என்பதால், அந்தக் கட்டங்களில் என் சொந்த எண்ணையே இட்டு, பதவிக் கட்டத்தில் “இது விண்ணப்பதாரரின் எண், ரெஃபரன்ஸ் எண் பின்னர் தரப்படும்” என்று குறித்திருக்கிறேன்.

ரெஃபரன்ஸிடம் பேசப்போவது உங்கள் அலுவலகமா, நிறுவனமா? எந்தக் கட்டத்தில் பேசுவீர்கள்? தெரிந்தால் அவர்களைத் தயாராக வைக்க உதவும்.’

இந்த அஞ்சலில் கவனிக்க வேண்டியது, ‘கேட்டால் தருகிறேன்’ என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாதது. அப்படி எழுதினால், இவருக்கு நல்லதாகச் சொல்ல ஆளே இல்லை போலிருக்கிறது என்று ரெக்ரூட்டர் எடுத்துக்கொள்வார். பெயரும் எண்ணும் இல்லாமலேயே, யார், என்ன உறவு, எத்தனை ஆண்டு என்பதைச் சொல்லிவிட்டதால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. மறுப்பதாக ஒரு சொல்லும் இல்லை; எப்போது தருவேன் என்பது மட்டுமே இருக்கிறது.

எண் கட்டத்துக்கு நண்பர் ஒருவர் வேறு யோசனை சொன்னார்: ‘என் நம்பரைப் போடு, கூப்பிட்டா நான் மேனேஜர் மாதிரி பேசிக்கிறேன்.’ இது பலரும் செய்வது, ஆனால் செய்யவே கூடாதது. படிவத்தின் அடியில் இருக்கும் உறுதிமொழி அப்போதே பொய்யாகிவிடுகிறது. எண்ணைத் தேடிப் பார்த்தால் வேறு பெயர் வரும். வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்துத் தெரிந்தாலும் அதை வைத்து நீக்க முடியும். பத்து இலக்கத்துக்குப் பதில் பூஜ்ஜியங்களாக நிரப்புவதும் நல்லதல்ல. படிவம் ஏற்றுக்கொண்டாலும், பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தோன்றும்.

பேரம்

அன்று மதியம் ரெக்ரூட்டர் தொலைபேசியில் அழைத்தார். ரெஃபரன்ஸ் இல்லாமல் கோப்பை நிறுவனத்துக்கு அனுப்ப முடியாது என்றார். விண்ணப்பதாரர் வாதாடவில்லை. ‘நீங்க சொன்னதை ஒரு மெயிலா போட்டுடுங்க சார், பார்த்துட்டுச் சொல்றேன்’ என்றார். தொலைபேசியில் சொல்லும் கறார் எழுத்தில் வரும்போது பெரும்பாலும் இளகிவிடும். இங்கேயும் அதுதான் நடந்தது. மாலையில் வந்த அஞ்சலில், இறுதிச் சுற்று முடிந்த பிறகு, ஆஃபர் எழுதுவதற்கு முன், நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு இருவரிடம் பேசும் என்றும், அதுவரை கோப்பு போவதில் தடையில்லை என்றும் இருந்தது.

இங்கே விண்ணப்பதாரர் தன் நிபந்தனையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். எழுத்தில் ஆஃபர் வந்த பிறகே தருவேன் என்றவர், இறுதிச் சுற்றில் தேர்வானதை மின்னஞ்சலில் உறுதி செய்தால் முன்னாள் மேலதிகாரிகள் இருவரின் எண்ணையும் தருவதாக ஒப்புக்கொண்டார். தற்போதைய நிறுவனம் பற்றிய நிபந்தனையில் மட்டும் அசையவில்லை. இந்தப் பிரிப்பு நியாயமானது. முன்னாள் மேலதிகாரியிடம் கொஞ்சம் முன்னதாகப் பேசினால் இழப்பு எதுவும் இல்லை. தற்போதைய மேலாளரிடம் ஒரு நாள் முன்னதாகப் பேசினாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

விவரங்களை அனுப்பிய விதம்

நவம்பர் இரண்டாம் வாரம் இறுதிச் சுற்று முடிந்தது. மறுநாள் தேர்வானதாக அஞ்சல் வந்தது. விண்ணப்பதாரர் உடனே எண்ணை அனுப்பவில்லை. முதலில் இருவருக்கும் சொல்லி, எந்த எண், எந்த நேரம், எந்த மொழி என்று கேட்டார். ஓய்வு பெற்ற மேலாளருக்கு வீட்டில் கைபேசி சிக்னல் சரியாக வராது. வாசல் பக்கம் வந்து நின்றால்தான் கிடைக்கும். தரைவழித் தொலைபேசி ஒன்றும் உண்டு. காலையில் தோட்டத்தில் இருப்பார். மாலை 4 மணிக்கு மேல் பேசலாம். ஆங்கிலம் வரும், ஆனால் தமிழில் பேசினால்தான் விவரமாகச் சொல்வார்.

இருவருக்கும் வேலை விளம்பரத்தின் நகலோடு, நினைவூட்டலாக மூன்று விஷயங்களும் போயின. முன்னாள் மேலாளருக்கு எழுதியவற்றில் ஒன்று, தூளில் இரும்புத் துகள் இருப்பதாக வாங்கியவரிடமிருந்து புகார் வந்தபோது, சலிக்கும் பகுதியில் காந்தங்களைத் துடைக்கும் வேலையை ஷிஃப்டுக்கு ஒரு தடவை என்பதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று இவர் மாற்றி, அதற்குத் தனிப் பதிவேடு தொடங்கியது. ‘நல்ல பையன், நேர்மையானவன்’ என்று பத்து முறை சொல்வதைவிட இப்படி ஒரு சம்பவத்தைச் சொன்னால் கேட்பவர் எழுதிக்கொள்வார். எழுபதை நெருங்கும் ஒருவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய சம்பவம் அழைப்பு வந்த நொடியில் நினைவுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. முன்பே நினைவூட்டுவதில் தவறும் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொடுப்பதுதான் தவறு.

பிறகு ரெக்ரூட்டருக்குத் தனி அஞ்சல் போனது. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பத்தி: பெயர், அப்போதைய பதவி, இப்போது என்ன செய்கிறார், விண்ணப்பதாரர் அவருக்குக் கீழ் இருந்த காலம், எண், பேச வசதியான நேரம், மொழி. சி.வி.-யில் இவற்றைச் சேர்க்கவில்லை. சி.வி. ஒரு கன்சல்டன்சியிலிருந்து பல நிறுவனங்களுக்கும் வேலைவாய்ப்புத் தளங்களுக்கும் போகக்கூடியது. அதில் ஏறிய எண்ணைப் பிறகு இறக்க முடியாது. கடவுச்சொல் போட்ட பி.டி.எஃப். ஆக அனுப்பலாமா என்றும் யோசித்தார். அது தேவையில்லாத வேலை. கடவுச்சொல் கேட்டு ஒரு அழைப்பு வருமே தவிர, திறந்தவர் நகலெடுப்பதை அது தடுக்காது.

ஓய்வு பெற்றவருக்கு அலுவலக மின்னஞ்சல் இல்லை, ஜிமெயில்தான் உண்டு. ஜிமெயிலை ஏற்க மாட்டோம் என்று நிறுவனங்கள் சொல்வது வழக்கம். யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் அதைத் தொடங்கலாம் என்பது அவர்களின் பயம். அதை எதிர்பார்த்து, முந்தைய தொழிற்சாலை கொடுத்த அனுபவச் சான்றிதழின் நகலையும் இணைத்தார். அந்தச் சான்றிதழில் கையெழுத்திட்டிருப்பவர் இதே மேலாளர்தான். ‘சான்றிதழில் கையெழுத்திட்டவரே ரெஃபரன்ஸ்’ என்று ஒரு வரி எழுதியதும் அந்தக் கேள்வி எழவே இல்லை.

அழைப்பு போய்ச்சேராதபோது

ஈரோட்டில் இருப்பவரிடம் மறுநாளே பேசிவிட்டார்கள். ஓய்வு பெற்றவரிடம் சிக்கல் வந்தது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். நவம்பரில் மரம் விழுந்து மின்சாரம் போவது புதிதல்ல. மின்சாரம் போய், டவரின் பேட்டரியும் தீர்ந்தால் ஊருக்கே சிக்னல் இருக்காது. அந்த வாரம் அப்படித்தான் ஆனது. மின்சாரம் வந்த பிறகும் அவர் எடுக்கவில்லை. அழைப்பு வந்தது கன்சல்டன்சியின் 080 எண்ணிலிருந்து. கைபேசித் திரையில் சிவப்பு நிறத்தில் ‘ஸ்பேம்’ என்று காட்டியதால் கடன் விற்பவர்கள் என்று நினைத்து விட்டுவிட்டார். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு பேசும் என்று முன்பு எழுதியிருந்தாலும், அழைப்பது கன்சல்டன்சிதான் என்பது இங்கேதான் தெரியவந்தது.

வெள்ளிக்கிழமை ரெக்ரூட்டர் எழுதினார்: மூன்று முறை முயன்றும் தொடர்பு கிடைக்கவில்லை, வேறொருவரின் எண் தரவும். பதற்றத்தில் டேஸ்டரின் எண்ணைக் கொடுத்துவிடத் தோன்றும் நேரம் இதுதான். விண்ணப்பதாரர் ஆள் மாற்றவில்லை. காரணத்தை விளக்கி, தரைவழி எண்ணைக் கொடுத்து, ‘சனிக்கிழமை மாலை 4.30-க்கு அவர் அருகிலேயே இருப்பார். எந்த எண்ணிலிருந்து அழைப்பீர்கள் என்று சொன்னால் அவரிடம் தெரிவித்துவிடுகிறேன். தமிழ் பேசுபவர் ஒருவர் அழைத்தால் நல்லது’ என்று எழுதினார். சனிக்கிழமை தமிழ் பேசும் ஒருவர் அழைத்தார். பதினைந்து நிமிடம் பேசினார்கள். காந்தக் கதையைத்தான் அவர் முதலில் சொன்னாராம்.

தொடர்பு கிடைக்கவில்லை என்பதை ரெக்ரூட்டர்கள் சில சமயம் ‘ரெஃபரன்ஸ் எதிர்மறை’ என்ற அளவுக்கு எடுத்துக்கொள்வதுண்டு. எனவே இந்த அஞ்சலுக்கு அன்றைக்கே பதில் போனது முக்கியம்.

சரிபார்ப்புப் படிவம்

அடுத்த வாரம் ஆஃபர் கடிதம் வந்தது. ‘பின்னணிச் சரிபார்ப்பு திருப்திகரமாக இருந்தால்’ என்ற நிபந்தனை அதில் இருந்தது. இரண்டு நாளில் சரிபார்ப்பு வேலையைச் செய்யும் வேறொரு நிறுவனத்திடமிருந்து ஓர் ஆன்லைன் படிவம் வந்தது. ரெக்ரூட்டரிடம் பேசி முடித்த நிபந்தனைகள் எதுவும் இந்த மூன்றாவது தரப்புக்குத் தெரியாது. தற்போதைய நிறுவனத்தின் பெயர், முகவரி, மனிதவளப் பிரிவு மின்னஞ்சல் என்று சி.வி.-யிலிருந்து எடுத்து அவர்களே நிரப்பியிருந்தார்கள். அதன் கீழே ‘இப்போது தொடர்பு கொள்ளலாமா’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்பது முன்பே தேர்வாகியிருந்தது. சமர்ப்பி என்று அழுத்தியிருந்தால் அன்று மாலையே தொழிற்சாலை அலுவலகத்துக்குத் தானியங்கி அஞ்சல் போயிருக்கும். இந்த இடத்தில்தான் பலரின் ரகசியம் உடைகிறது. ரெக்ரூட்டரிடம் எவ்வளவு பக்குவமாக எழுதியிருந்தாலும் இந்த ஒரு டிக் அதை வீணாக்கிவிடும்.

விண்ணப்பதாரர் அதை ‘இல்லை’ என்று மாற்றி, குறிப்புக் கட்டத்தில் ‘ராஜினாமா ஏற்கப்பட்ட பிறகு தெரிவிக்கிறேன்’ என்று எழுதினார். அதோடு ரெக்ரூட்டருக்கும் நிறுவன மனிதவளப் பிரிவுக்கும் ஒரே அஞ்சலில் இதைத் தெரிவித்தார். அதுவரை என்ன ஆதாரம் தருவது என்ற கேள்வி எழும் என்பதால், வேலை பார்த்த காலத்தைக் காட்ட ஈ.பி.எஃப். உறுப்பினர் தளத்தில் யு.ஏ.என். எண்ணின் கீழ் வரும் பணி வரலாறு பக்கத்தையும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும், நியமனக் கடிதத்தையும் இணைத்தார். எங்கே, எப்போதிலிருந்து வேலை பார்க்கிறார் என்பதற்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, ஆவணம் போதும். எப்படி வேலை பார்த்தார் என்பதற்குத்தான் ஆளிடம் பேச வேண்டும். அதற்கு இருவர் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். இந்த இரண்டையும் பிரித்து எழுதியதும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் எழுத்தில் வாங்கிக்கொண்டார்: மற்ற சரிபார்ப்புகள் எல்லாம் முடிந்துவிட்டன, தற்போதைய மேலாளரிடம் பேசுவது மட்டுமே பாக்கி, அது வேலை பார்த்த காலத்தையும் பதவியையும் உறுதி செய்வதற்கு மட்டுமே என்று. இது வருவதற்கு நான்கு நாள் ஆனது. அதுவரை ராஜினாமா கொடுக்கவில்லை. நிபந்தனையோடு வந்த ஆஃபரை நம்பி ராஜினாமா கொடுத்துவிட்டு, பிறகு ஏதாவது ஒன்றில் தட்டினால் இரண்டு வேலையும் போய்விடும்.

முடிவு

டிசம்பர் முதல் வாரத்தில் மேலாளரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு ராஜினாமா கடிதம் கொடுத்தார். மூன்றாம் நாள் ஏற்புக் கடிதம் வந்தது. அதன் பிறகு மேலாளரிடமே, ‘சார், கோவையிலிருந்து கூப்பிடுவாங்க, உங்க நம்பர் கொடுக்கலாமா?’ என்று கேட்டு எண்ணை அனுப்பினார். மேலாளர் பேசினார். செய்தி வெளியிலிருந்து வராமல் இவர் வாயிலிருந்தே முதலில் வந்ததால் கோபத்துக்கு இடமிருக்கவில்லை. நோட்டீஸ் காலம் 60 நாளும் முழுதாக வேலை பார்த்துவிட்டு, பிப்ரவரியில் கோவையில் சேர்ந்தார்.

ஒன்று மட்டும் சரியாக அமையவில்லை. ஜனவரியில் ஈரோட்டில் இருப்பவருக்கு அதே கன்சல்டன்சியிலிருந்து வேலை மாற விருப்பமா என்று கேட்டு இரண்டு அழைப்புகள் வந்தன. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உதவி செய்ய வந்தவருக்கு அந்தத் தொந்தரவு வந்திருக்கக் கூடாது. எண்ணைத் தாமதமாகக் கொடுத்தது ரகசியத்தைக் காத்தது. எண்ணின் பயன்பாட்டை அது கட்டுப்படுத்தவில்லை.

எதை மாற்றலாம்

இதே சூழல் மறுபடி வந்தால், ரெஃபரன்ஸ் விவரம் போகும் அஞ்சலில் ஒரு வரி கூடுதலாக இருக்க வேண்டும்: ‘இந்த இருவரும் இந்த ஒரு பதவிக்கான ரெஃபரன்ஸ் பேச்சுக்கு மட்டுமே தங்கள் எண்ணைத் தரச் சம்மதித்திருக்கிறார்கள். வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம். தேர்வு முடிந்ததும் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ இது அழைப்பை முழுதாகத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அழைப்பு வந்தால் ஆட்சேபிக்க எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்கும்.

அழைக்கும் எண்ணையும் நேரத்தையும் முதல் அஞ்சலிலேயே கேட்டிருக்கலாம். மூன்று முறை அழைத்துத் தோற்ற பிறகு கேட்டதால் ஒரு வாரம் போனது. மழைக்காலத்தில் மலையில் இருப்பவரை ரெஃபரன்ஸாகக் கொடுக்கும்போது தரைவழி எண்ணையும், சிக்னல் கிடைக்கும் உறவினர் ஒருவரின் எண்ணை அவர் சம்மதத்தோடும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

சி.வி.-யில் தற்போதைய நிறுவனத்தின் தொலைபேசியும் மின்னஞ்சலும் இருந்ததால்தான் சரிபார்ப்பு நிறுவனம் அவற்றைத் தானாகவே எடுத்தது. சி.வி.-யில் நிறுவனத்தின் பெயரும் ஊரும் போதும். தொடர்பு விவரத்தை அங்கிருந்து எடுத்துவிட்டால், சரிபார்ப்புப் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக வரும், நிரப்பும்போது விண்ணப்பதாரரின் கண்ணில் படாமல் போகாது.